சோபாவிலிருந்து படிக்கும் எழுத்து: டிவியில் கேம் ஆடும் குடும்பத்துக்கு எத்தனை மில்லிமீட்டர் வேண்டும்?

எங்கள் வீட்டுக் கூடத்தில் 43 அங்குல டிவி சுவரில் மாட்டியிருக்கிறது. அதற்கு நேரெதிரே, சரியாக மூன்று மீட்டர் தள்ளி, சோபா கிடக்கிறது. மடிக்கணினியை எச்டிஎம்ஐ கம்பியால் டிவியோடு இணைத்து மாலையில் மகள் மைன்கிராஃப்ட் ஆடுவாள். நானும் என் அம்மாவும் பின்னால் உட்கார்ந்து யோசனை சொல்வோம். ஒரு நாள், திரையின் மூலையில் வந்து போன ஒரு வரியைக் காட்டி "அது என்னம்மா எழுதியிருக்கு?" என்று அம்மா கேட்டார். மகள் எழுந்து டிவிக்கு அருகே போய்ப் படித்துச் சொல்வதற்குள் அந்த வரி மறைந்துவிட்டது. பிறகு பள்ளிப் பையிலிருந்து அடிக்கோலை எடுத்துத் திரைமேல் வைத்து அளந்தோம். சிறிய ஆங்கில எழுத்து ஒன்றின் உயரம் ஐந்து மில்லிமீட்டர்தான் இருந்தது. அந்த ஐந்து மில்லிமீட்டர் ஏன் போதவில்லை, எத்தனை இருந்தால் போதும், அதை கேமின் செட்டிங்ஸில் எங்கே பெறலாம், எங்கே பெறவே முடியாது என்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

படிக்க முடிகிறதா என்பதை எழுத்தின் அளவு தனியாகத் தீர்மானிப்பதில்லை. எழுத்து கண்ணில் எவ்வளவு கோணத்தை அடைக்கிறது என்பதே தீர்மானிக்கிறது. ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கைப் பஞ்சாங்கக் கணக்கில் கலை என்பார்கள். கண் மருத்துவத்தின் அளவீடும் அதே கலைதான். கண் பரிசோதனையில் ஆறு மீட்டர் தொலைவில் மாட்டும் எழுத்துப் பலகையில், 6/6 பார்வைக்குரிய வரியின் எழுத்து ஐந்து கலை உயரம் கொண்டது. அடிக்கோலில் அது சுமார் 8.7 மில்லிமீட்டர். மூன்று மீட்டரில் அதே கோணத்துக்குப் பாதி அளவு, அதாவது 4.4 மில்லிமீட்டர் போதும். ஆகவே எங்கள் டிவியில் அளந்த ஐந்து மில்லிமீட்டர் எழுத்து, கண் மருத்துவரின் பலகையில் கடைசி வரிகளில் ஒன்றைப் போன்றது. குறைபாடு இல்லாத கண், நின்று, முயன்று, எழுத்தெழுத்தாகக் கண்டுபிடிக்கக் கூடிய அளவு அது. அதைக் கொண்டு யாரும் கதை படிப்பதில்லை.

வரிவரியாகச் சிரமமின்றிப் படிக்க, அந்த எல்லையைப் போல மூன்று மடங்கு உயரத்தை நான் அடிப்படையாகக் கொள்கிறேன். அதாவது மேல்கொம்பும் கீழ்வாலும் சேராத சிறிய எழுத்தின் உடலுக்குப் பதினைந்து கலை. ஒரு மீட்டர் தொலைவுக்கு ஏறக்குறைய நாலரை மில்லிமீட்டர் என்று நினைவில் வைத்துக்கொண்டால் கணிப்பான் தேவைப்படாது: இரண்டு மீட்டருக்கு ஒன்பது, மூன்று மீட்டருக்குப் பதின்மூன்று. 6/12 பார்வையுள்ள ஒருவருக்குக் கண்டுபிடிக்கும் எல்லையே இரட்டிப்பாகும் என்பதால், மூன்று மீட்டரில் பதின்மூன்று மில்லிமீட்டர் எழுத்தும் அவருக்கு ஒன்றரை மடங்கு வசதிதான் தரும். கண்புரை தொடங்கிய மூத்தவர்கள் உள்ள வீட்டில் இதை மறக்கக் கூடாது. மாறாக, நாற்பது வயதுக்கு மேல் வரும் வெள்ளெழுத்து, கையில் பிடித்த பொருளைத்தான் பாதிக்கும். மூன்று மீட்டருக்கு அப்பால் உள்ள டிவியை அது தொடாது. இந்த வேறுபாடு பின்னால் உதவும்.

கேம் செய்பவர்களுக்கு இது தெரியாமலா இருக்கிறது என்று கேட்கலாம். தெரியும், ஆனால் அவர்கள் வேலை செய்யும் இடம் வேறு. 27 அங்குலத் திரையின் முன் அறுபது சென்டிமீட்டர் தொலைவில் உட்கார்ந்திருப்பவருக்கு அத்திரை அடைக்கும் உயரத்தில், 43 அங்குல டிவி மூன்று மீட்டரில் மூன்றில் ஒரு பங்கைத்தான் அடைக்கிறது. 32 அங்குல டிவியானால் நான்கில் ஒரு பங்குக்கும் கொஞ்சம் குறைவு. வரவேற்பறை டிவி பெரிது என்பது நம் மனப்பதிவு. கண்ணுக்கோ அது மேசைத் திரையைவிட மிகச் சிறியது. 2006இல் எக்ஸ்பாக்ஸ் 360க்கு வந்த டெட் ரைஸிங் இதில் பேர்போனது. உயர்தெளிவுத் திரையை நினைத்து அமைக்கப்பட்ட அதன் எழுத்துகளை, அப்போது பெரும்பாலான வீடுகளில் இருந்த பழைய குழாய் டிவிகளில் படிக்கவே முடியவில்லை. தெளிவுத்திறன் குறை பின்னர் தீர்ந்துவிட்டது. தொலைவின் குறை தீரவில்லை. 2018இல் வந்த காட் ஆஃப் வார் கேமுக்கும், 2019இல் வந்த டெத் ஸ்ட்ராண்டிங்குக்கும், வெளியான பிறகு எழுத்தைப் பெரிதாக்கும் தெரிவைப் புதுப்பிப்பாகச் சேர்க்க வேண்டியிருந்தது.

இதற்கென எழுதப்பட்ட அளவுகோல்களுள் கேம் துறையில் அதிகம் எடுத்தாளப்படுவது, மைக்ரோசாஃப்ட் 2020இல் வெளியிடத் தொடங்கிய எக்ஸ்பாக்ஸ் அணுகல் வழிகாட்டி. டிவியில் ஆடும் கன்சோலுக்கு, 1080 வரித் திரையில் எழுத்து குறைந்தது 26 பிக்சல் இருக்க வேண்டும், 4கே திரையில் 52 இருக்க வேண்டும், ஆடுபவர் விரும்பினால் அதை இரு மடங்கு வரை பெரிதாக்க முடிய வேண்டும் என்கிறது அது. கணினித் திரைக்கு 18 பிக்சல் போதும் என்று சொல்வதிலிருந்தே தொலைவைக் கணக்கில் எடுத்திருப்பது புரியும். ஆனால் அந்த 26ஐ அடிக்கோலில் வைத்துப் பார்த்தால் வேறொன்று தெரிகிறது. அந்த அளவு, எழுத்தின் மேல்கொம்பு முதல் கீழ்வால் வரை சேர்ந்தது. கொம்பும் வாலும் இல்லாத உடல் அதில் ஏறத்தாழ பாதிதான். 43 அங்குல டிவியில் ஒரு பிக்சல் அரை மில்லிமீட்டர். ஆக எழுத்துடல் ஆறரை மில்லிமீட்டர். மூன்று மீட்டரில் ஏழரைக் கலைக்குச் சற்றுக் குறைவு. 32 அங்குல டிவியில் அதே எழுத்து ஐந்தரைக் கலைக்கு இறங்கிவிடும். அது நேராகக் கண் மருத்துவரின் கடைசி வரி. வழிகாட்டி சொல்லும் இரு மடங்கைத் தந்த பிறகுதான் 43 அங்குல டிவியில் பதின்மூன்று மில்லிமீட்டர் கிடைக்கிறது. எனவே 26 பிக்சல் என்பது கீழ்வரம்பு மட்டுமே. குடும்பத்துக்குப் பயன்படுவது அதன் பின்னால் வரும் இரு மடங்கு என்ற வாசகம்தான். அதைத்தான் பல கேம்கள் விட்டுவிடுகின்றன.

இனி ஒரு கேமை முழுதாகக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மைன்கிராஃப்டின் ஜாவா பதிப்பை எடுத்துக்கொள்கிறேன். காரணம், அதன் எழுத்தளவு விதி வெளிப்படையானது, அதன் விளைவுகள் எதிர்பாராதவை. அதன் எழுத்துகள் கட்டம் கட்டமாக வரையப்பட்டவை. ஆங்கிலப் பெரிய எழுத்து ஏழு கட்டம், சிறிய எழுத்தின் உடல் ஐந்து கட்டம். `GUI Scale` என்ற தெரிவு, ஒரு கட்டத்துக்கு எத்தனை பிக்சல் என்பதைச் சொல்கிறது. அது முழு எண்ணாக மட்டுமே இருக்க முடியும். இல்லாவிட்டால் சில கட்டங்கள் தடித்தும் சில மெலிந்தும் கோணலாகத் தெரியும். அந்த எண்ணுக்கு ஓர் உச்சவரம்பும் உண்டு. பெட்டிகளும் பட்டியல்களும் 320க்கு 240 என்ற கட்டப் பரப்பில் அடங்கும்படி வடிவமைக்கப்பட்டிருப்பதால், அந்தப் பரப்பு திரைக்கு வெளியே போகாத மிகப்பெரிய முழு எண்ணே உச்சம். 1080 வரித் திரையில்:

```
floor(min(1920/320, 1080/240)) = floor(min(6, 4.5)) = 4
```

நாலரைக்கு இடம் இருந்தும் நான்குதான் கிடைக்கிறது; அந்த அரை வீணாகிறது. 43 அங்குல டிவியில் எழுத்துடல் ஐந்து கட்டம், கட்டத்துக்கு நான்கு பிக்சல், ஆக இருபது பிக்சல், அது 9.9 மில்லிமீட்டர். இப்போது மடிக்கணினியின் வெளியீட்டை 1280க்கு 720 என்று குறைத்துப் பாருங்கள். 720ஐ 240ஆல் வகுத்தால் மீதியின்றி மூன்று. பதினைந்து பிக்சல்தான் என்றாலும் ஒவ்வொரு பிக்சலும் பெரிது, எழுத்துடல் 11.1 மில்லிமீட்டர் ஆகிறது. திரையின் தெளிவைக் குறைத்தால் எழுத்து பெரிதாவது விந்தையாகத் தோன்றும். ஆனால் 4கே வெளியீட்டுக்கு மாறினாலும் அதே பலன்தான்: 2160ஐ 240ஆல் வகுத்தால் சரியாக ஒன்பது, எழுத்துடல் மறுபடியும் 11 மில்லிமீட்டரைத் தாண்டுகிறது. இடையில் உள்ள 1080தான், எல்லாரும் வைத்திருக்கும் 1080தான், இந்த ஒரு கேமில் எழுத்துக்குப் பத்தில் ஒரு பங்கு நட்டம் வைக்கிறது.

இதில் ஒரு பொறியும் உண்டு. 720 வரி வெளியீட்டில் கேமைச் சாளரமாக ஓடவிட்டால், மேலே உள்ள தலைப்புப் பட்டை சில பிக்சல்களை எடுத்துக்கொள்ளும். 240இன் மூன்று மடங்கு சரியாக 720 என்பதால், ஒரே ஒரு பிக்சல் குறைந்தாலும் எண் மூன்றிலிருந்து இரண்டுக்கு விழுந்துவிடும், எழுத்துடல் 11.1 மில்லிமீட்டரிலிருந்து 7.4க்குச் சுருங்கும். "நேற்றுப் பெரிதாக இருந்தது, இன்று சின்னதாகிவிட்டது" என்று வீட்டில் யாராவது சொன்னால், `F11` விசையை அழுத்தி முழுத்திரைக்குப் போனதும் சரியாகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். இன்னொரு தவறு எங்கள் வீட்டிலேயே நடந்தது. மேசையில் ஆடும்போது மகள் அந்த எண்ணை இரண்டு என்று கையால் வைத்திருந்தாள். டிவியில் இணைத்த பிறகும் அது இரண்டாகவே இருந்தது. நாங்கள் அளந்த ஐந்து மில்லிமீட்டர் அங்கிருந்து வந்ததுதான். `Video Settings` பக்கத்தில் `GUI Scale: Auto` என்று வைத்தால், இணைத்திருக்கும் திரைக்குரிய உச்ச எண்ணை கேம் தானே எடுத்துக்கொள்ளும். நாங்கள் அப்படி மாற்றியதும் எழுத்து இரட்டிப்பாகி 9.9க்கு வந்தது, 720க்கு இறக்கியதும் 11.1. மூன்று மீட்டருக்கு வேண்டிய பதின்மூன்றை எந்த வழியிலும் எட்ட முடியாது. எஞ்சியதைச் சோபாவை நகர்த்தித்தான் ஈடுகட்ட வேண்டும்: 11.1 மில்லிமீட்டர் எழுத்து, இரண்டரை மீட்டருக்குச் சரியாகப் பொருந்தும். அரை மீட்டர் முன்னால் இழுத்தோம்.

32 அங்குல டிவி உள்ள வீட்டில் கணக்கு இன்னும் இறுக்கம். அந்த அளவில் பல டிவிகளின் உண்மையான திரை 768 வரிதான். 1080 வரிச் சைகையை அவை வாங்கிக்கொண்டு சுருக்கிக் காட்டும், அதில் கட்ட எழுத்துகளின் விளிம்பு மசங்கும். 720க்கு வைத்தால் எழுத்துடல் 8.3 மில்லிமீட்டர், அதை வசதியாகப் படிக்க இரண்டு மீட்டருக்குள் உட்கார வேண்டும். இங்கே செட்டிங்ஸைக் குடைவதைவிட நாற்காலியை நகர்த்துவது விரைவில் பலன் தரும்.

மைன்கிராஃப்டின் ஜாவா பதிப்பில் தமிழையும் தெரிவு செய்யலாம், மொழிபெயர்த்தவர்கள் தன்னார்வலர்கள். வீட்டில் மூத்தவர்கள் படிக்கும்படி அதைப் போட்டுப் பார்க்கும் ஆசை இயல்பானது. ஆனால் கேமின் சொந்தக் கட்ட எழுத்துருவில் தமிழ் இல்லை என்பதால், யூனிஃபான்ட் என்ற பொது எழுத்துருவிலிருந்து அது எடுக்கப்படுகிறது. அதன் எழுத்துகள் பதினாறு புள்ளி உயரத்தில் வரையப்பட்டவை, கேம் அவற்றைப் பாதியாகச் சுருக்கிக் காட்டும். அளவு நான்கில் ஆங்கில எழுத்தின் கோடு நான்கு பிக்சல் தடிமன் என்றால் தமிழ் எழுத்தின் கோடு இரண்டு பிக்சல்தான். அளவு மூன்றில் ஒரு புள்ளிக்கு ஒன்றரைப் பிக்சல் வருவதால் கோடுகள் ஒரே சீராக அமையவும் முடியாது. கொம்பும் காலும் சுழியும் உள்ள நம் எழுத்துக்கு அந்த இடம் போதாது. ஆகவே தமிழுக்கு மாற்றினால் 720ஐவிட 1080 அல்லது 4கே மேல். ஆங்கிலத்துக்குச் சொன்ன அறிவுரை தமிழுக்குத் தலைகீழாகிறது.

ஏன் இந்த உச்சவரம்பு? ஏன் வேண்டிய மட்டும் பெரிதாக்கிக்கொள்ள விடக் கூடாது? மைன்கிராஃப்ட் செய்வது, எழுத்து, பெட்டி, படம் எல்லாவற்றையும் ஒன்றாகப் பெரிதாக்குவது. அது செய்வதற்கு எளிது, எதுவும் ஒன்றன்மேல் ஒன்று ஏறாது; ஆனால் மிகப்பெரிய பெட்டி திரையை முட்டியதும் நின்றுவிடும். இரண்டாவது வழி, பெட்டியை விட்டுவிட்டு எழுத்தை மட்டும் பெரிதாக்கி, வரிகளை மறுபடி மடித்து, தேவைப்பட்டால் பெட்டிக்குள் உருட்டிப் படிக்க வைப்பது. இதில் உச்சவரம்பு உயரும், ஆனால் ஒவ்வொரு பெட்டியும் நீளமான உரையைத் தாங்கும்படி தொடக்கத்திலிருந்தே கட்டப்பட்டிருக்க வேண்டும். ஆங்கிலத்தில் குட்டையாக இருக்கும் சொல் ஜெர்மனில் நீண்டுவிடும் என்பதால், பல மொழிகளுக்கு முறையாகத் தயாரான கேமின் பெட்டிகளில் ஏற்கெனவே கொஞ்சம் இடைவெளி இருக்கும். எழுத்தைப் பெரிதாக்குவதும் அத்தகைய கேமில் எளிது. பொத்தானின் அகலத்தைப் பிக்சலில் அடித்து வைத்த கேமில் எழுத்தைப் பெரிதாக்கினால் சொல் பாதியில் வெட்டுப்படும், அல்லது மூன்று புள்ளியோடு நின்றுவிடும்.

கேம் வெளியான பிறகு வரும் பெரிய எழுத்துத் தெரிவுகளில் ஏமாற்றம் வருவதும் இதனால்தான். செட்டிங்ஸில் எழுத்தளவு என்று எழுதியிருக்கும். போட்டுப் பார்த்தால் வசனவரி மட்டும் பெரிதாகும். வசனவரி தனியாக, திரையின் அடியில், பெட்டியே இல்லாமல் நிற்பது. அதைப் பெரிதாக்க யாருக்கும் சிரமம் இல்லை. பொருள்களின் விளக்கம், வரைபடத்தின் குறிப்பு, ஓரத்தில் வந்து மறையும் பயிற்சிச் செய்தி, எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும் என்ற குறிப்பு ஆகியவை பழைய அளவிலேயே இருக்கும். எனவே எழுத்தளவுத் தெரிவு உண்டு என்று படித்ததும் நம்பிவிடாமல், இந்த இடங்களில் என்ன ஆகிறது என்று தனித்தனியே பார்க்க வேண்டும். குறிப்பாக, தானே மறையும் செய்திகளைக் கவனிக்க வேண்டும். எழுத்து பெரிதானதால் ஒரே செய்தி இரண்டு பக்கமாகப் பிரிந்து, காட்டும் நேரம் மட்டும் கூட்டப்படாமல் இருந்தால், எழுத்துக்கூட்டிப் படிக்கும் குழந்தைக்கு முன்பைவிடக் குறைந்த நேரமே கிடைக்கும்.

கன்சோலின் சொந்த அமைப்புகளில் எழுத்தைப் பெரிதாக்கும் தெரிவு இருக்கிறதே என்றால், அது கன்சோலின் முகப்புப் பக்கங்களைத்தான் பெரிதாக்கும். கேமுக்குள் இருக்கும் எழுத்து படமாகவே வந்து சேர்வதால் அதைத் தொடாது. அதைத் தொடக்கூடியது உருப்பெருக்கி ஒன்றுதான். பிளேஸ்டேஷன் 5இல் அந்தத் தெரிவை இயக்கிய பின் பிஎஸ் பொத்தானோடு சதுரத்தை அழுத்தினால் முழுத் திரையும் பெரிதாகும். நின்டெண்டோ ஸ்விட்சில் ஹோம் பொத்தானை இரு முறை தட்டினால் ஆகும். 2020இல் வந்த தி லாஸ்ட் ஆஃப் அஸ் பார்ட் 2 தன் சொந்த உருப்பெருக்கியைத் தொடுபலகையில் இரு முறை தட்டினால் வரும்படி வைத்திருந்தது. தனியாக ஆடுபவருக்கு இவை நல்ல ஊன்றுகோல். குடும்பத்துக்கு அவ்வளவாக ஒத்துவராது: அம்மாவுக்காக ஒரு மூலையைப் பெரிதாக்கிய நேரத்தில், மற்றவர்கள் பார்த்துக்கொண்டிருந்த மூன்று மூலைகளும் திரையிலிருந்து போய்விடும்.

எல்லாரும் ஒரே நேரத்தில் ஆடுவது என்றால் சிக்கல் வேறு உருவெடுக்கும். திரையை நான்காகப் பிரித்தால், 43 அங்குல டிவி ஒவ்வொருவருக்கும் 21 அங்குலச் சொச்சத் திரையாகிவிடும், அதுவும் மூன்று மீட்டர் தள்ளி. இரண்டாகப் பிரிக்கும்போது எப்படி வெட்டுகிறார்கள் என்பதும் முக்கியம். மேலே சொன்ன விதியையே வைத்துப் பார்த்தால், 1080 வரித் திரையை மேல் கீழாக வெட்டினால் ஒவ்வொருவருக்கும் 540 வரி. 240ஆல் வகுத்தால் அளவு இரண்டுதான். இடம் வலமாக வெட்டினால் 960 பிக்சல் அகலம். 320ஆல் வகுத்தால் மூன்று. உயரம்தான் முதலில் முட்டும் கேம்களில், பக்கவாட்டில் பிரிப்பது எழுத்துக்கு ஒன்றரை மடங்கு இடம் தருகிறது. பிரிக்கும் திசையைத் தேர்வு செய்ய விடும் கேம்களில் ஒரு முறை மாற்றிப் பார்ப்பது நல்லது.

திரையைப் பிரிக்காமலே நால்வர் ஆடும் கேம்கள் இதில் தப்பித்துவிடுகின்றன. ஓவர்குக்ட் வரிசையில் எல்லாரும் ஒரே சமையலறையில், ஒரே திரையில் நிற்கிறார்கள். வந்த ஆர்டர் மேலே தக்காளி, கீரை என்று படமாகத் தொங்குகிறது, ஓடும் ஆட்டத்தில் படிக்க வேண்டிய எழுத்து மிகக் குறைவு. இரண்டு பாகங்களையும் சேர்த்து 2020இல் வந்த ஆல் யூ கேன் ஈட் பதிப்பில் எழுத்தையும் பெட்டிகளையும் பெரிதாக்கும் தெரிவு, டிஸ்லெக்ஸியா என்ற வாசிப்புச் சிரமம் உள்ளோருக்கான எழுத்துரு ஆகியவையும் வந்துவிட்டன. என் அளவில், பெரியவரும் சிறுவரும் சேர்ந்து உட்காரும் வீட்டுக்கு முதலில் வாங்கத் தக்கது இந்த வகைதான். எழுத்தைப் பெரிதாக்குவதைவிட எழுத்தைத் தேவையற்றதாக்குவது மேலான வடிவமைப்பு.

ஜாக்பாக்ஸ் வகைக் கேம்கள் இன்னொரு குறுக்கு வழியைக் கண்டுபிடித்தன. டிவியில் ஒரு கேள்வியும் நான்கு எழுத்துக் குறியீடும் மட்டும் பெரிதாக வரும். ஒவ்வொருவரும் தங்கள் கைபேசியில் `jackbox.tv` பக்கத்தைத் திறந்து, அந்தக் குறியீட்டைத் தட்டி, விடையைக் கைபேசியிலேயே எழுதுவார்கள். சின்ன எழுத்து எல்லாம் கைக்கு வந்துவிடுவதால் தொலைவின் சிக்கல் ஒழிகிறது. ஆனால் வெள்ளெழுத்து உள்ளவர்களுக்கு இங்கேதான் புதுத் தொல்லை. டிவிக்குக் கண்ணாடி வேண்டாம், கைபேசிக்கு வேண்டும். ஒவ்வொரு சுற்றிலும் கண்ணாடியைப் போடுவதும் நெற்றிக்கு ஏற்றுவதுமாக நேரம் போய்விடும், கடிகாரமோ ஓடிக்கொண்டிருக்கும். பிந்தைய தொகுப்புகளில் விடைநேரத்தை நீட்டிக்கும் தெரிவு இருக்கிறது. வயதானவர்களோடு ஆடும்போது அதை முதலிலேயே இயக்கிவிட வேண்டும்.

வாங்குவதற்கு முன் எப்படித் தெரிந்துகொள்வது? கடைகளின் சின்னங்கள் இதில் பாதி வழிதான் வரும். ஸ்டீம் டெக் கையடக்கக் கருவிக்கு ஏற்றது என்ற பச்சைச் சான்றைச் சிலர் டிவிக்கும் பொருத்திப் பார்க்கிறார்கள். அந்தச் சான்றின் விதி, 800 வரித் திரையில் எந்த எழுத்தும் ஒன்பது பிக்சலுக்குக் குறையக் கூடாது என்பது. முப்பது சென்டிமீட்டரில் பிடித்த கருவியில் அது பன்னிரண்டு கலை, தாராளம். அதே விகிதத்தில் அதே எழுத்து 43 அங்குல டிவிக்குப் போனால் ஆறு மில்லிமீட்டர், மூன்று மீட்டரில் ஏழு கலைகூட இல்லை. கையில் படிக்க முடிந்தது சோபாவில் படிக்க முடியும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

நான் நம்புவது வேறொரு சோதனை. அதற்குக் காசும் இல்லை. கடைப் பக்கத்தில் உள்ள படங்களில், பொருள் பட்டியலோ வரைபடமோ திறந்திருக்கும் ஒன்றைக் கைபேசியில் முழுத்திரையாகக் கிடைமட்டமாகத் திறக்க வேண்டும். கைபேசித் திரை படத்தைவிட நீளமானது என்பதால் இருபக்கமும் கருப்பு விழும். படத்தின் அகலத்தை மட்டும் அடிக்கோலால் அளந்தால் பெரும்பாலும் பன்னிரண்டு சென்டிமீட்டர் இருக்கும். 43 அங்குல டிவியின் அகலம் 95 சென்டிமீட்டர். அதை மூன்று மீட்டரில் பார்க்கும் அதே கோணம், பன்னிரண்டு சென்டிமீட்டர் படத்தைக் கண்ணிலிருந்து 38 சென்டிமீட்டரில் பிடித்தால் கிடைக்கும். 32 அங்குல டிவியானால் 51 சென்டிமீட்டர் தள்ளிப் பிடிக்க வேண்டும். அந்தத் தொலைவில் பட்டியலின் மிகச் சிறிய வரியை முயலாமல் படிக்க முடிகிறதா என்று பார்த்தால் போதும். என் அம்மாவிடம் இந்தச் சோதனையைச் செய்தபோது முதலில் ஒன்றுமே தெரியவில்லை என்றார். டிவிக்குத் தேவைப்படாத படிக்கும் கண்ணாடி இந்தச் சோதனைக்குத் தேவைப்படும் என்பதை நான் மறந்திருந்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். தலைப்புகளைப் படித்தார், விலைகளைப் படித்தார், அடியில் இருந்த விளக்க வரியைப் படிக்கவில்லை. அந்தக் கேமை வாங்கவில்லை.